ஈரமாவு

ஊரில் தீபாவளி விடியும்போது எனக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணி. அம்பாசமுத்திரத்துக்கும் டொரண்டோவுக்கும் நடுவே ஒன்பதரை மணி நேரம் கிடக்கிறது. நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அப்புறம் அதுவே பத்தரை ஆகிவிடும். அந்த ஞாயிறுக்கு முன்னால் தீபாவளி வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வோர் ஆண்டும் அம்மாவுக்குப் போன் போடும் நேரத்தைக் கணக்குப் பண்ணுகிறேன். 2023இல் நவம்பர் 12, அதனால் முந்தின நாள் ஐந்தரை மணி. 2025இல் அக்டோபர் 20, அதனால் ஆறரை. அம்மாவுக்கு எப்போதும் நாலு மணிதான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனை எடுப்பாள்.

தீபாவளியன்று எனக்கு ஊர் ஏக்கம் வருவதில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அன்றைக்கு இங்கே கோயில் இருக்கிறது, நண்பர்கள் வீடு இருக்கிறது. ஒருவர் வீட்டில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், இன்னொருவர் வீட்டில் பாயசம். குளிருக்கான கோட்டைக் கழற்றினால் உள்ளே பட்டுச்சட்டை. அந்த நாள் கூட்டத்தோடு கூட்டமாகக் கழிந்துவிடும். எனக்கு வருவதெல்லாம் அதற்கு ஒரு வாரம் முன்னால். செவ்வாய், புதன் என்று ஒன்றுமே இல்லாத ஒரு கிழமையில், வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது, கை இரண்டும் சும்மா இருப்பது திடீரென்று உறைக்கும். இந்நேரம் யாராவது என்னைச் சல்லடை பிடிக்கக் கூப்பிட்டிருக்க வேண்டுமே என்று தோன்றும்.

சல்லடைதான் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை. எண்பதுகளின் நடுவில், எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை.

எங்கள் வீட்டில் தீபாவளி வெல்லத்தில் ஆரம்பிக்கும். கார் அறுப்பு முடிந்து, வயலெல்லாம் மறுபடி உழவுக்குத் தண்ணீர் கட்டியிருக்கும் நேரம். பொதிகை மலை பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும். ஆற்றில் தண்ணீர் காப்பி நிறத்தில் போகும். தாத்தா கடைத்தெருவிலிருந்து வெல்லம் வாங்கி வருவார். ஆச்சி அதை வாசலிலேயே வாங்கி, ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போடுவாள். உப்புக் கரித்தால் திரும்பப் போய்விடும். “பாகு வெல்லம்னு கேட்டேளா, சும்மா வெல்லம்னு கேட்டேளா?” என்பாள். எல்லா வெல்லமும் அதிரசத்துக்கு ஆகாது. சில வெல்லத்தை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு கூடாமல் தண்ணியாகவே நிற்கும். இது தாத்தாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஓராண்டு விட்டு ஓராண்டு தப்பான வெல்லத்தோடு வருவார். கடைத்தெருவுக்கு இரண்டாம் தரம் போக அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கணக்கு நாலுக்கு மூணு. நாலு கிலோ பச்சரிசிக்கு மூணு கிலோ வெல்லம். அரிசியைக் காலையில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, வடிகட்டி, பட்டாலையில் தாத்தாவின் பழைய வேட்டியை விரித்து அதில் பரப்புவார்கள். வெயிலில் காயவிடக் கூடாது. நிழலில், அதுவும் அரைமணி நேரம்தான். கையில் ஒட்டக் கூடாது, ஆனால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். அந்தப் பதத்தை ஆச்சி கண்ணால் பார்க்க மாட்டாள். வேட்டிக்குக் குறுக்கே நடந்துபோவாள். உள்ளங்காலில் ஒட்டும் அரிசியின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லிவிடுவாள். “இன்னும் செத்த நேரம் கெடக்கட்டும்” என்பாள், அல்லது “அள்ளு அள்ளு” என்று அலறுவாள். நடுவில் எதுவும் கிடையாது.

பின்கட்டில் உரல். அம்மாவும் அத்தையும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். இரண்டு உலக்கையும் ஒன்றையொன்று தொடாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அம்மாவும் அத்தையும் ஆண்டு முழுதும் பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். உரலடியில் மட்டும் பேச்சு ஓயாது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவதால் பாதிப் பாதி வாக்கியமாக வரும். எனக்கு எதுவும் புரிந்ததில்லை. அதற்காகவே என்னை அங்கே உட்காரவிட்டார்களோ என்னவோ.

இடித்த மாவை ஆச்சி அள்ளிச் சல்லடையில் போடுவாள். நான் சலிக்க வேண்டும். உலர்ந்த மாவு சல்லடையை ஆட்டினாலே கொட்டிவிடும். ஈரமாவு அப்படி விழாது. கண்ணை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். சல்லடை விளிம்பை உள்ளங்கையால் தட்டித் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மேலே தங்கும் கப்பியை மறுபடி உரலில் போடுவார்கள். அரைமணி நேரத்தில் தோள் கடுக்கும். “ஆச்சி, எப்ப முடியும்?” என்று கேட்டால், “நீ கேக்கக் கேக்க அரிசி கூடுதுலே” என்பாள். சலித்த மாவைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். விரலால் தொட்டதும் உதிர வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் மாவு. எனக்கு முதல் தடவை அதைப் பிடித்துப் பார்க்கக் கொடுத்தது பத்து வயதில். ஜில்லென்று இருந்தது. மழையில் நனைந்த மணலை அள்ளின மாதிரி.

எல்லா மாவையும் ஆச்சி பாகில் போட மாட்டாள். இரண்டு கை மாவை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஈரத்துணியால் மூடி, அடுக்களை மாடத்தில் வைத்துவிடுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் காவல் மாவு. எதற்குக் காவல் என்று கேட்டால், “கெட்ட நேரம் வந்தா கூப்பிடுதுக்கு” என்பாள்.

பாகு காய்ச்சும்போது பின்கதவைச் சாத்திவிடுவார்கள். அயல்வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தால் பாகு முறிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் இப்போது நானே பாகு காய்ச்சும்போது, பேச்சுக்கொடுக்க ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்பது தெரிகிறது. நல்ல பாகுக்கும் கெட்டுப்போன பாகுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்தான். வெல்லத்தைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுவார்கள். முதலில் பெரிய பெரிய கொப்புளமாக வெடிக்கும். பிறகு கொப்புளம் சிறுத்து, நெருங்கி, நுரை மாதிரி மேலே ஏறும். அப்போது ஆச்சி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடுவாள். கரைந்தால் ஆகவில்லை. அடியில் போய் உட்கார்ந்து, விரலால் கூட்டினால் உருள வேண்டும். உருண்டையை நசுக்கினால் தட்டையாக வேண்டும். அவ்வளவுதான். கிண்ணத்தில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வருகிற அளவுக்கு விட்டால் அது கடலை மிட்டாய்க்கு ஆகும், அதிரசத்துக்கு ஆகாது. சட்டியை இறக்கி, சுக்கும் ஏலமும் எள்ளும் போட்டு, அம்மா மாவைத் தூவத் தூவ அத்தை துடுப்பால் கிண்டுவாள். பார்ப்பதற்கு இளகலாகத்தான் இருக்கும். ஆறினால் இறுகிவிடும். மேலே நெய் தடவி, மண்பானையில் வைத்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவிட்டால் மூன்று நாள் அதைத் தொடக் கூடாது.

அந்த மூன்று நாட்கள். நான் இழந்தது எது என்று என்னை யாராவது கேட்டால் அந்த மூன்று நாட்களைத்தான் சொல்வேன். பானை மூலையில் இருக்கும். நாங்கள் அதைச் சுற்றி நடமாடுவோம். மாமா வீட்டார் மீட்டர்கேஜ் ரயிலில் வந்து இறங்குவார்கள். தையல்காரர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மழை விட்ட அரைமணி வெயிலில் அக்கா சுளகில் ஓலைவெடியையும் பிஜிலி வெடியையும் பரப்பி, நான் திருடிவிடாமல் எண்ணிக்கொண்டே காவல் இருப்பாள். எதுவும் நடக்காது. எல்லாம் நடக்கப்போகிறது என்பது மட்டும் வீடு முழுக்க இருக்கும். தீபாவளி வந்ததும் அது போய்விடும். காலை ஏழு மணிக்கு வெடி தீர்ந்து, புதுச்சட்டையின் காலரில் குங்குமம் கறையாகி, தெருவெல்லாம் காகிதக் குப்பையாகக் கிடக்கும்போது எனக்கு எப்போதும் அழுகை வருவது போலத்தான் இருக்கும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு அதிரசம் பிடிக்காது. முறுக்குதான் பிடிக்கும். அதிரசத்தை ஓரத்தில் மட்டும் கடித்துவிட்டு, நடுவைக் கொல்லையில் காக்காய்க்குப் போட்டிருக்கிறேன்.

கனடாவுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் பலகாரமெல்லாம் கடையில்தான். ஸ்கார்பரோவில் நாங்கள் இருக்கும் பகுதியில் எது வேண்டுமானாலும் கிடைக்கும். முறுக்கு, மிக்சர், லட்டு, எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில். அதிரசமும் கிடைக்கும். ஆனால் கிடைப்பது வேறு, பானையின் வாயைத் துணியால் கட்டுவது வேறு. ஒரு வருஷம் வீம்பாக நானே செய்யப் புகுந்தேன். பொட்டலத்து அரிசிமாவு வாங்கி, பாகு காய்ச்சிக் கிண்டினேன். மாவு பாகையெல்லாம் குடித்துவிட்டு, இன்னும் கொடு என்பது போல வெடித்துக் கிடந்தது. வெந்நீர் தெளித்தேன். எண்ணெயில் போட்டால் ஓரம் கருகி, நடுவில் பச்சையாக, கையில் எடுத்தால் செங்கல். மறுமுறை பாகைக் கூட்டி மாவைக் குறைத்தேன். அது எண்ணெயில் போட்ட மாத்திரத்தில் பிரிந்து, சட்டி முழுக்கக் கரைந்து போயிற்று. புகை எச்சரிக்கை மணி வேறு அலற, பதினோராம் மாடியில் நான் துண்டை வீசிக்கொண்டு நின்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டாள்.

காரணத்தைச் சொன்னது கடைக்கார அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். அரிசிமாவு அலமாரிக்கு முன்னால் நான் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி தேடுறீங்கள்?”

அதிரசத்துக்கு என்றேன். கொஞ்சம் யோசித்தார். “ஓ, அரியதரமோ?” என்றார். எங்கள் அதிரசம் அங்கே அரியதரம். “இந்த மா சரிவராது தம்பி. இது காய்ஞ்ச மா. பச்சையரிசிய ஊறப்போட்டு இடிச்ச மா வேணும். நாங்கள் சீனிப் பாகிலதான் செய்யிறது, கொஞ்சம் ரவையும் போடுவம். ஆனா மா ஈரமா இருக்கோணும். அதுதான் முக்கியம்.”

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஊறின அரிசி மெத்தென்று இருப்பதால் இடிபடும்போது எளிதாக உடைகிறது. அதற்குள் இருக்கும் மாவுச்சத்துத் துகள்கள் அவ்வளவாகச் சிதைவதில்லை. காய்ந்த அரிசியை எந்திரத்தில் அரைத்தால் துகள்கள் நொறுங்கிவிடுகின்றன. நொறுங்கிய துகள் தண்ணீரைக் கண்டபடி குடிக்கும். என் பாகு போன இடம் அதுதான். ஆச்சி உள்ளங்காலால் பார்த்ததற்கு இப்படி ஒரு விளக்கம் இருக்கிறது.

அந்த அக்காவிடம் ஊருக்குத் தீபாவளிக்குப் போனதுண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “எங்கட வீடு இருந்த இடத்தில இப்ப வீடு இல்லை தம்பி” என்றார் சாதாரணமாக, சில்லறையை எண்ணிக்கொண்டே. நான் டிக்கெட் விலையையும் விடுமுறை நாட்களையும் கூட்டிப் பார்த்து இந்த வருஷம் வேண்டாம் என்று முடிவு செய்கிறவன். என் ஏக்கத்துக்கும் அவருடையதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்த எனக்கு அன்றிலிருந்து கூச்சமாக இருக்கிறது.

2024இல் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31. இங்கே அன்றைக்கு ஹாலோவீன். பேய் வேஷம், எலும்புக்கூடு வேஷம் போட்ட பிள்ளைகள் மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பார்கள். நாங்கள் வாசலில் அகல்விளக்கு வைத்திருந்தோம். எல்லாப் பிள்ளைகளும் அதையும் ஹாலோவீன் அலங்காரம் என்றே எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் செய்த பண்டத்தைக் கொடுக்கக் கூடாது, கடையில் உறையிட்டு விற்றதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். பண்டிகை நாளில் வாசலுக்கு வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் கடை மிட்டாயைக் கொடுத்து அனுப்பினேன். அந்நேரம் ஊரில் வெள்ளிக்கிழமை விடிந்து, தீபாவளி முடிந்து, தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்திருப்பார்கள். என் மகள் சூனியக்காரித் தொப்பியோடு கம்பி மத்தாப்புக்கு அழுதாள். பட்டாசு வெடிக்க இங்கே கட்டுப்பாடு உண்டு. அடுக்குமாடி பால்கனியில் கம்பி மத்தாப்புக்கும் இடமில்லை.

போன வருஷம், 2025இல், நாள் வசதியாக வந்தது. திங்கட்கிழமை தீபாவளி, எனக்கு ஞாயிறு சாயங்காலம். வியாழக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அரைக் கிலோ பச்சரிசி, முந்நூற்று எழுபத்தைந்து கிராம் வெல்லம். அதே நாலுக்கு மூணு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்துத் துவாலையில் பரப்பினேன். இதற்கு முந்தின வருஷங்களில் ஈரமாவில் செய்தும் நான் இடறிய இடம் இதுதான் என்பதைப் பிற்பாடுதான் கண்டுபிடித்திருந்தேன். அரைமணி நேரம் என்பது ஐப்பசி மாதத்து அம்பாசமுத்திரக் கணக்கு. அங்கே காற்றிலேயே தண்ணீர் நிற்கும். துவைத்த துணி இரண்டு நாள் காயாது. இங்கே அக்டோபரில் வீட்டுக்குள் வெப்பக்காற்று விட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும். அரைமணி நேரத்தில் என் அரிசி ஊறப்போடாத அரிசி மாதிரி ஆகியிருந்தது. இந்தத் தடவை காற்று வரும் துவாரத்தைத் துணியால் மூடிவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில் அள்ளிவிட்டேன். துவாலைக்குக் குறுக்கே நடந்தும் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

உரலுக்குப் பதில் மிக்சி. ஒரே மூச்சில் ஓட்டினால் சூடேறி ஈரம் போய்விடும் என்பதால் விட்டு விட்டு ஓட்டினேன். மகளைக் கூப்பிட்டுச் சல்லடையைக் கொடுத்தேன். ஒன்பது வயது. நாலு தட்டுத் தட்டினாள்.

“அப்பா, இது விழவே மாட்டேங்குது.”

“அப்படித்தான் இருக்கும். தட்டிக்கிட்டே இரு.”

“எப்ப முடியும்?”

எனக்கு ஆச்சியின் பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அந்தக் கிண்டல் அவளுக்குப் புரியாது, கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அரைக் கிலோதான், பத்து நிமிஷத்தில் முடிந்தது. மாவைப் பிடித்துக் காட்டினேன். நின்றது. தொட்டதும் உதிர்ந்தது. இரண்டு கை மாவைக் கிண்ணத்தில் எடுத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்தேன். இது எதுக்கு என்று கேட்டாள். காவலுக்கு என்றேன்.

பாகுக்கு என்னிடம் வெப்பமானி இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பாகையிலிருந்து நூற்றுப் பதினாறுக்குள் இருந்தால் உருட்டுப் பதம் என்று வைத்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டதும் பயந்துபோய் இறக்கிவிட்டேன். தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், உருண்டது. கொஞ்சம் நெகிழ்வாகத்தான் உருண்டது. போதும் என்று நினைத்துக்கொண்டேன். மாவைக் கிண்டி, நெய் தடவி, எவர்சில்வர் தூக்கில் போட்டு, மகளின் வெள்ளைக் கைக்குட்டையால் வாயைக் கட்டி அடுக்களை மேடை மூலையில் வைத்தேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே அந்தத் தூக்குச்சட்டி ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மகள் இரண்டு தடவை துணியை அவிழ்க்கப் பார்த்தாள். இரண்டு தடவையும் அதட்டினேன். ஞாயிறு மத்தியானம் வெளியே மழை பிடித்துக்கொண்டது. குளிரான, கனடா மழை. ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் சிவந்து கிடந்தது. பொதிகைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இருந்தாலும் வீட்டுக்குள் ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்பது இருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு.

ஆறரைக்கு அம்மா எடுத்தாள். தலையில் துண்டு. அண்ணன் கட்டிய புதுவீட்டின் அடுக்களை, பின்னால் வெள்ளை ஓடு பதித்த சுவர். பழைய வீட்டு உரல் இப்போது வாசல் பக்கத்தில் கிடக்கிறது. காக்கைக்கும் அணிலுக்கும் அதில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். எங்கே அதிரசம் என்று கேட்டேன். கடையில்தான் சொல்லியிருந்தோம் என்றாள். “யாரு இடிக்கதுக்கு இருக்கா, எய்யா? இடிச்சாலும் திங்கதுக்கு ஆளு வேண்டாமா?” நான் எந்த வீட்டை நினைத்து ஏங்குகிறேனோ அந்த வீடு அங்கேயும் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

போனை அடுப்புக்கு எதிரே சாய்த்து வைத்தேன். வாழையிலைத் துண்டில் எண்ணெய் தொட்டு ஓர் உருண்டையைத் தட்டி, இருப்புச்சட்டியில் விட்டேன். முங்கியது. மேலே வந்தது. வந்ததும் ஓரமெல்லாம் சல்லடைக் கண்ணாகி, மெல்ல மெல்லப் பிய்ந்து எண்ணெயில் மிதக்க ஆரம்பித்தது.

“பாகை ஒரு கொதி முந்தி எறக்கிட்ட” என்றாள் அம்மா. கண்ணாடி போடாமலே சொன்னாள். பார்த்துச் சொல்லவில்லை, எண்ணெயின் சளசளப்பைக் கேட்டுச் சொன்னாள். “மாவு மிச்சம் வச்சிருக்கியா?”

உறைபனித் தட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஆச்சி சொன்னது ஞாபகம் இருக்கால உனக்கு” என்றாள் பிறகு. “சரி சரி, வெளிய வையி, குளிர் விடட்டும். மொத்தமாப் போட்டுராத. ஒரு கை போட்டுப் பெசஞ்சு பாரு.”

மாவு குளிர் விடுவதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மா யார் யார் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள், யார் இன்னும் எழவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய தெருவில் முதல் சரவெடி வெடித்தது. போனில் அது யாரோ தட்டு கழுவுகிற மாதிரிக் கேட்டது. ஒரு கை மாவைச் சேர்த்துப் பிசைந்தேன். கையில் ஒட்டுவது நின்றது. மகள் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டாள்.

இரண்டாவது முங்கியது. எழும்பியது. ஓரம் பிரியவில்லை. நடுவில் லேசாக உப்பி, கொப்புளம் அடங்கி, கஷாய நிறத்துக்கு வந்தது. திருப்பிப் போட்டேன்.

“தீயக் கொற” என்றாள் அம்மா. “வெளிய செவந்து உள்ள வேவாது. அமுக்குதுக்கு ரெண்டு கரண்டி இருக்கா?”

“தோசைக் கரண்டி இருக்கும்மா.”

“அது போதும். நல்லா அமுக்கு, எண்ணெ பூராம் எறங்கணும். அடுத்தத தட்டி வச்சிக்கிட்டியா?”